பதினேழாம் கேபிள்

துவாஸ் ஆலையில் இரவு இரண்டே காலுக்குப் பின்னல் இயந்திரங்களின் திரைகள் வரிசையாக இணைப்பை இழந்தன. முருகேசன் நெட்வொர்க் சுவிட்ச் இருக்கும் பெட்டியைத் திறந்தான். உள்ளே பஞ்சுத்தூசி அப்பிக் கிடந்தாலும் விசிறி ஓடியது. ஆனால் விளக்குகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வெறிபிடித்தது போல மினுக்கின. சூடு இல்லை, லூப்தான்: எங்கோ ஒரு வயர் வளையமாகி, தகவல் வெளியேறாமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது.

கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துத் திரும்பச் செருகினான். பதினேழாவதில் மினுக்கல் அடங்கியது. சாயப் பிரிவுக்குப் போகிற கேபிள் அது. அங்கே மேசையடியில் ஒரு குட்டி சுவிட்ச். ஒரே வயரின் இரண்டு முனையும் அதிலேயே!

"கூட்டும்போது கால்ல மாட்டுச்சு தம்பி, அதான் செருகி வச்சேன்," என்றார் துப்புரவு அக்கா.

"சரிக்கா, அடுத்த தடவை என்னைக் கூப்பிடுங்க."

ஒரு முனையை உருவினான். வாக்கி டாக்கியில் சூப்பர்வைசர் கத்தினார்: "வந்துருச்சுப்பா! அப்புறம், மூணாவது மாடி பிரிண்டரையும் பாரு."