கலைந்த எழுத்து, சரியான சொல்: மழை விடுமுறைப் பயிற்சித்தாள்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு,

மழை இப்படியே கொட்டினால் நாளைக்கும் விடுமுறை விட்டுவிடுவார்கள் என்று நீங்கள் இப்போதே கணக்குப் போட்டிருப்பீர்கள், அதனால்தான் இந்தத் தாளை இன்றே கையில் கொடுக்கிறேன். இடம் மாற்றிக் கலைத்துப் போட்ட எழுத்துகளைச் சரியாக அடுக்கிச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நிறையப் பேர் தாளை உற்றுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, சொல் தானாக வந்து கண்ணில் படும் என்று காத்திருக்கிறீர்கள். சில சமயம் படும். படாதபோது என்ன செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்று. எழுத்தைப் பிய்க்காதீர்கள். "கோ" ஒரே எழுத்து. கொம்பையும் காலையும் தனியாகக் கழற்றி எண்ணக் கூடாது. புள்ளி வைத்த "த்" தனி எழுத்து. அப்படிப் பார்த்தால் கோத்தகிரியில் 5 எழுத்து.

சரி, இதைப் பாருங்கள்: சி, கு, ஞ், றி.

4 எழுத்தை 24 விதமாக அடுக்கலாம், எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தால் தாள்தான் தீரும். அதற்குப் பதிலாக எழுத்துகளிடமே கேளுங்கள். முதலில் யார் நிற்க முடியும்? புள்ளி எழுத்து தமிழ்ச் சொல்லின் முதலில் வராது, அதனால் "ஞ்" இல்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசை எழுத்துகளும் முதலில் வராது, "றி"யும் போயிற்று. மிச்சம் "சி", "கு". ஆனால் "ஞ்" கடைசியிலும் நிற்காது, அதற்குப் பின்னால் அதன் இன எழுத்தான ச வரிசை வர வேண்டும், இங்கே அது "சி" ஒன்றுதான். அப்படியென்றால் "ஞ்சி" என்று ஒட்டிவிட்டது, "சி" முதலில் வர வழியில்லை. ஆகவே முதல் எழுத்து "கு". இப்போது இரண்டே வழி: குஞ்சிறி, குறிஞ்சி. எது சொல் என்று நான் சொல்ல வேண்டுமா, நம் மலையிலேயே 12 வருடத்துக்கு ஒரு முறை பூக்கிறதே!

இன எழுத்து ஜோடிகளை மனப்பாடம் செய்ய வைத்தபோது இது எதற்கு டீச்சர் என்று கேட்டீர்களே, இதற்குத்தான். ங் வந்தால் க, ண் வந்தால் பெரும்பாலும் ட, ந் வந்தால் த, ம் வந்தால் ப என்று தேடுங்கள். க், ச், த், ப் நான்கும் தன் வரிசை எழுத்தோடு மட்டும்தான் சேரும், பக்கம், தச்சர், பத்து, உப்பு என்று. ர், ழ் இரண்டும் தன்னோடு தான் சேரவே சேராது. கடைசியில் வல்லின மெய் நிற்காது. ம், ன், ல், ள், ர் போன்றவை இருந்தால் கடைசி இடத்தில் முதலில் வைத்துப் பாருங்கள். அ, உ மாதிரி உயிரெழுத்து இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதைத் தூக்கி முன்னால் வையுங்கள்.

வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள் தமிழ்ச் சொல் சட்டென்று வாயில் வரவில்லையே என்று தயங்க வேண்டாம், இந்த வழி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான்.

இந்தச் சட்டத்தையெல்லாம் மீறுகிற ஆட்களும் உண்டு. ரயில், லாரி இரண்டும் ர, ல என்றே தொடங்குகின்றன. மண்டிக்குப் போகிற கேரட்டும் பீட்ரூட்டும் "ட்" என்று முடிகின்றன. வெளியிலிருந்து வந்த சொற்கள், அப்படித்தான் இருக்கும். தாளின் கடைசிப் பகுதியில் இவை மட்டும் தனியாக இருக்கின்றன, அங்கே வந்ததும் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

சில கேள்விக்கு இரண்டு விடை வரும். த, வ, ம் மூன்றையும் வைத்துத் தவம் என்றும் எழுதலாம், வதம் என்றும் எழுதலாம். இரண்டையும் எழுதினால் இரண்டு மதிப்பெண். ஆனால் நீங்களாக ஒரு சொல்லை உருவாக்கி எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம் டீச்சர் என்று வரக் கூடாது, வந்தால் உங்கள் பாட்டியிடமே கேட்பேன்.

பழைய காலண்டர் தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதி நகர்த்திப் பாருங்கள், வேகமாக வரும். முதல் ஐந்து இதோ, மற்றவை பின்பக்கத்தில்:

1. லை, தே, யி
2. கை, உ, த
3. யா, டு, வ, ரை
4. னூ, ர், கு, ன்
5. டு, ட், பெ, க, ட, ட்

ஐந்தாவது ஊர்ப் பெயர். "பெ"யில் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். கட்டாயம் பென்சிலில் எழுதுங்கள், பள்ளி திறந்ததும் முதல் பாடவேளையில் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றித் திருத்தப் போகிறோம்.

உங்கள் தமிழ் டீச்சர்