குழுப் படத்தில் உமையாள் இருப்பது பற்றி

அலுவலகம், பட்டறை, கிடங்கு எல்லாருக்கும் வணக்கம்.

முற்றத்தில் எடுத்த குழுப் படம் பிரிண்ட் ஆகி வந்துவிட்டது. முகப்பில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது வரிசையில், மரத்தூணை ஒட்டி நிற்கும் உமையாள் அன்றைக்குக் காரைக்குடியில் இல்லை. பினாங்கில் அவர் வீட்டில் எடுத்து அனுப்பிய படத்தை நம் படத்தோடு சேர்த்திருக்கிறோம். அவர் சம்மதத்தோடுதான்.

"ஆளே வராமல் படத்தில் மட்டும் எப்படி?" என்று பட்டறையில் சிலர் கேட்டதாகக் காதுக்கு வந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. நாம் இங்கே கதவைத் திறப்பதற்குள் அவர் அன்றைய ஏற்றுமதித் தாள்களைப் பார்த்து முடித்திருப்பார். வெளிநாட்டுக்குப் போகும் ஆத்தங்குடிக் கல் ஒவ்வொரு பெட்டியும் அவர் கணக்கில் ஏறித்தான் போகிறது. புதிதாகச் சேர்ந்த பலருக்கு அவர் குரல் தெரியும், முகம் தெரியாது. அவரை விட்டுவிட்டு இதைக் குழுப் படம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் என் மனசு மட்டும் போதாதே. அதனால் படமெடுக்கும் நாளைக் குறிப்பதற்கு முன்பே அவரிடம் மெயிலில் கேட்டேன், அவரும் மெயிலிலேயே பதில் போட்டார்.

அவர் சம்மதித்திருப்பது மூன்றுக்கு: முகப்புச் சுவர், நம் இணையதளத்தில் 'எங்களைப் பற்றி' பக்கம், பொங்கல் காலண்டர். விளம்பரத்துக்கோ கண்காட்சி பேனருக்கோ போட வேண்டுமென்றால் மறுபடி கேட்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்: "என்னை ஒல்லியாக்க வேண்டாம், கலரைக் கூட்ட வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும்." அப்படியே செய்திருக்கிறோம். முடிந்த படத்தை அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பிரிண்டுக்குப் போனது. நாளைக்கே அவர் வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுவோம். அவர் இல்லாத பிரதியும் பத்திரமாக இருக்கிறது. கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும் என்றுதான் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

வேலை எப்படி நடந்தது என்றும் சிலர் ஆர்வமாகக் கேட்டீர்கள். நாம் முற்றத்தின் நிழலில், மேலிருந்து இறங்கும் வெளிச்சத்தில் நின்றோம். அதனால் உமையாளையும் பினாங்கு வீட்டுப் பால்கனியில் வெயில் படாத இடத்தில், வானத்தைப் பார்த்து நிற்கச் சொன்னார் போட்டோகிராபர். போனைக் கிட்டத்தில் பிடித்தால் முகம் மட்டும் பெரிதாகிவிடும், பத்தடி தள்ளி நெஞ்சு உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று அவர் கணவருக்கு வீடியோ காலில் ஒரு வகுப்பே நடந்தது. முதலில் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியதில் கண்டாங்கிச் சேலையின் கட்டமெல்லாம் கலங்கிப்போய் வந்தது. அப்புறம் டாக்குமெண்டாக அனுப்பியதும் கட்டமும் அரக்குக் கரையும் தெளிவாக விழுந்தன. எல்லாவற்றையும்விட நம் தரைதான் பாடுபடுத்தியது. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல்லில் எல்லார் காலும் நிழலாடுகிறது. உமையாளின் காலடியில் மட்டும் வெறுந்தரை. எங்கோ இடிக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் கண்டுபிடித்தவர் பாலிஷ் போடும் அக்காதான். அந்த நிழலையும் வரைந்து சேர்த்தபிறகுதான் உமையாள் தரையில் நின்றார்.

படத்தின் அடியில், "உமையாளின் படம் பினாங்கில் எடுக்கப்பட்டு, அவர் ஒப்புதலோடு சேர்க்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். ஸ்டேட்டஸ் வைப்பவர்கள் அந்த வரியை வெட்டிவிட்டு வைக்காதீர்கள். ஆடிட்டரோ, கல் பார்க்க வரும் வாடிக்கையாளரோ விசாரித்தால் உள்ளதைச் சொல்லுங்கள். மறைக்க இதில் ஒன்றுமில்லை.

இதைப் பார்த்துவிட்டு வேறு கோரிக்கைகளும் வந்துவிட்டன. கண் மூடியிருக்கும் தம்பி வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்துப் போடச் சொல்கிறார். அவர் கண், அவர் விருப்பம். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். போன வருடம் தவறிப்போன நம் கேஷியர் அண்ணனையும் சேர்க்கலாமே என்று கேட்டவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. அவரிடம் இனி கேட்க முடியாது. அவர் வீட்டார் சம்மதித்தாலும், அவர் பார்க்காத ஆட்களோடு, அவர் இல்லாத ஒரு நாளில் அவரை நிற்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பழைய படம் ஒன்று இருக்கிறது. வீட்டாரைக் கேட்டு, அதைப் பெரிதாக்கிப் பக்கத்தில் தனியாக மாட்டலாம்.

உமையாளிடம் கேட்டதைப் போலத்தான் உங்களிடமும். முகப்பில் இருக்கட்டும், இணையதளத்தில் என் முகம் வேண்டாம் என்பவர்கள் வியாழக்கிழமைக்குள் என்னிடம் சொல்லிவிடுங்கள். காரணம் கேட்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காலை ராகுகாலத்துக்கு முன் படத்தை மாட்டுகிறோம். ஆளுக்கொரு பிரதி அக்கவுண்ட்ஸ் மேசையில் இருக்கும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். உமையாளின் பிரதி அடுத்த சாம்பிள் பார்சலோடு பினாங்குக்குப் போகிறது. பேக்கிங் ஆட்கள் கல்லுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள்.

அலுவலக மேலாளர்
காரைக்குடி