மொட்டுக்கடை: மாதிரி எபிசோட் "பேசுன விலை"

ஃபெலோஷிப் தேர்வுக்குழுவுக்கு ஒரு குறிப்பு

இரவுச் செய்திக்கு முன் ஐந்து நிமிடம் ஓடும் இந்தத் தொடரில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் டீ வாங்கி வருவார். பார்க்கிறவர்களுக்கு அது பழகிவிட்டது. அதனால் அதையே இந்தக் கதைக்குத் திருப்பமாக வைத்தேன். பூ கமிஷன் கடைக்காரர் மூக்கையாவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், அவர் மகள் செல்வி கணக்கில்தான் பேசுவாள். பின்னணிக் குரலோ ஃபிளாஷ்பேக்கோ தொடரில் இல்லை, இங்கும் இல்லை. கடைப் பொறுப்பு செல்வி கைக்கு வந்த பிறகு நடக்கும் கதை இது.

காட்சி 1
வெளி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். விடியற்காலை.

தை மாதப் பனி. வழக்கமாக மூட்டைகள் குவியும் இடத்தில் பாதித் தரை காலி. பாண்டி (26) போனை மூடிக்கொண்டே கடையைப் பார்த்துக் கத்துகிறான்.

பாண்டி: அக்கா! மல்லி மூவாயிரம்! நாளைக்கு முகூர்த்தம், இன்னும் ஏறும்!

ராமாயி (55), கள்ளிக்குடிப் பக்கத்து விவசாயி, ஒரு சின்னப் பையோடு வருகிறாள்.

பாண்டி: என்னத்தை, இம்புட்டுத்தானா?

ராமாயி: பனிக்கு மொட்டே வைக்கலய்யா. இருட்டோட டார்ச் அடிச்சுப் பறிச்சும் இதான் தேறுச்சு.

காட்சி 2
உள். கமிஷன் கடை. தொடர்ச்சி.

செல்வி (30) ஈரச்சாக்கை விரிக்கிறாள். பைக்குள் முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு கை அள்ளுகிறாள். குளோசப்: மேலே இருப்பது போலவே அடியிலும் விரியாத மொட்டு, பச்சைக் காம்பு. தராசில் 4.200.

செல்வி: நல்ல பூவு அத்தை.

வாசலில் மணப்பெண்ணின் அம்மா நிற்கிறார். முந்தானையில் முடிந்த பணத்தை எடுக்கிறார்.

மணப்பெண்ணின் அம்மா: நாலு கிலோ சொல்லியிருந்தேன்ல தாயி. எண்ணூறுன்னு பேசுனோம்.

பாண்டி செல்வியை ஓரமாக இழுக்கிறான்.

பாண்டி: அது போன மாசம் பேசுனது. கேரளா வியாபாரி வெளிய நிக்கிறாரு, மூவாயிரத்து இருநூறுக்கு எடுத்துக்கிறாராம்.

செல்வி: பேசுனது பேசுனதுதான்டா.

பாண்டி: சரி, அப்ப ராமாயி அத்தைக்கும் எண்ணூறே எழுது. நம்ம அட்வான்ஸ் வாங்கியிருக்குல்ல? ஒண்ணும் சொல்லாது.

ராமாயி காதில் விழுகிறது. தலை குனிந்து பையை மடிக்கத் தொடங்குகிறாள். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த மூக்கையா (64) எழுந்து வருகிறார். குரல் மிகத் தாழ்வாக:

மூக்கையா: எண்ணூறுன்னு வாக்குக் குடுத்தது யாரு?

செல்வி: நான்தாம்ப்பா.

மூக்கையா: ராமாயி கணக்குல என்ன எழுதப் போற?

செல்வி: மூவாயிரம். அது அவுக பூவு.

மூக்கையா: கல்யாண வீட்டுக்கு?

செல்வி: எண்ணூறு.

மூக்கையா: நடுவுல நிக்கிறது?

செல்வி: நாலு கிலோவுக்கு எட்டாயிரத்து எண்ணூறு. என் பேருல எழுதிக்கிறேன்.

யாரும் பேசவில்லை. மூக்கையா தராசில் இருப்பதைப் பார்க்கிறார். நாலு கிலோ போக மிஞ்சும் பூவையும் சேர்த்தே மணப்பெண்ணின் அம்மா பையில் கவிழ்க்கிறார்.

மூக்கையா: இது பொண்ணு தலைக்கு. (செல்வியிடம்) இருநூறு கிராம், என் பேருல எழுது.

அவர் போய் மறுபடி பேப்பரை எடுக்கிறார். செல்வி எழுதுகிறாள். பாண்டி அங்கே இல்லை.

காட்சி 3
வெளி. கடை வாசல். காலை.

கூட்டம் குறைந்துவிட்டது. செல்வி சாக்கை உதறிக்கொண்டிருக்கிறாள். பாண்டி ஒரு டீயோடு வந்து நீட்டுகிறான். அவள் ஆச்சரியமாகப் பார்த்து வாங்கிக்கொள்கிறாள்.

செல்வி: பரவால்லடா. எட்டாயிரம்தானே, பங்குனிக்குள்ள எடுத்துரலாம்.

பாண்டி ஏதோ சொல்ல வருகிறான். ராமாயி தயங்கித் தயங்கி வருகிறாள்.

ராமாயி: ஆத்தா, உங்கிட்டச் சொல்லாமப் போனா மனசு கேக்காது. அந்தக் கேரளா வியாபாரி என் அட்வான்ஸ் முப்பதாயிரத்தையும் அவரே கட்டிர்றாராம். நாளையிலருந்து பூவ அவருக்குப் போடணுமாம்.

செல்வி: (சிரிக்க முயன்று) நல்லதுதான் அத்தை, உங்க இஷ்டம்.

ராமாயி: நான் பாக்கிய வாயத் தொறந்து சொல்லவே இல்ல. அவராத்தான் முப்பதுன்னாரு.

செல்வியின் சிரிப்பு நிற்கிறது. நோட்டு கடைக்குள்தான் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் மூன்றே பேர். மெல்லப் பாண்டி பக்கம் திரும்புகிறாள்.

செல்வி: அவருக்கு எப்படிடா தெரியும்?

பாண்டி: டீயக் குடிக்கா. ஆறிரும்.

கட்.