பொருள்: 2024 அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டில் 34 ஊழியர்களுக்கு நேர்ந்துள்ள தவறான பிடித்தங்கள் – திருத்தம் கோருதல்

பெறுநர்: தகவல் தொழில்நுட்பப் பிரிவு, வண்ணாரப்பேட்டை அலுவலகம்
நகல்: பொது மேலாளர், மனிதவளப் பிரிவு, கங்கைகொண்டான் தொழிற்சாலை
நாள்: 04.11.2024, திங்கள்கிழமை

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். தீபாவளியை முன்னிட்டு அக்டோபர் மாதச் சம்பளம் 29ஆம் தேதியே வங்கிக் கணக்குகளில் வரவு வைக்கப்பட்டது. அன்று மாலையிலிருந்து தொழிற்சாலை ஊழியர்கள் பலர் சம்பளம் குறைந்திருப்பதாகத் தெரிவித்துவந்ததால், விடுமுறை முடிந்து இன்று காலை எல்லாச் சீட்டுகளையும் செப்டம்பர் மாதச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். 34 பேருடைய சீட்டுகளில் பிடித்தம் தவறாக உள்ளது. தவறுகள் நான்கு வகைப்பட்டவை. நால்வகைக்கும் காரணம் வேறு வேறு என்றே தெரிகிறது. ஆகவே தொகையை ஒவ்வொரு சீட்டிலும் கையால் மாற்றித் தருவதைவிட, மென்பொருளில் காரணத்தைக் கண்டு சரிசெய்த பிறகு வித்தியாசத்தைக் கணக்கிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அதிகம் பேரைப் பாதித்திருப்பது இரவு ஷிப்ட் பிரச்சினை. பண்டிகை ஆர்டருக்காகப் பேக்கிங் பிரிவில் அக்டோபர் 14 முதல் 19 வரை இரவு 10.30 முதல் காலை 6.30 வரை ஒரு புதிய ஷிப்ட் நடத்தப்பட்டது; அதற்கென `N2` என்ற குறியீடு புதிதாக உருவாக்கப்பட்டது. அந்த ஆறு இரவும் வேலை பார்த்த 14 பேருக்கும் நாளொன்றுக்கு அரை நாள் வீதம் மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பாகப் பதிவாகியுள்ளது. வருகைப்பதிவு இயந்திரத்தில் உள்ளே வந்த நேரமும் வெளியே சென்ற நேரமும் சரியாகவே இருக்கின்றன. பழைய `N1` ஷிப்டில் இரவு 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குச் சென்றவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இதை வைத்துப் பார்க்கும்போது, ஷிப்ட் மறுநாளுக்குள் தொடரும் என்ற அமைப்பு `N1`இல் இருந்து `N2`இல் இடப்படாமல் போயிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். நள்ளிரவுக்குப் பின் பதிவான வெளியேற்றத்தை மென்பொருள் அந்த ஷிப்டோடு சேர்க்கவில்லை. தீர்மானமாகச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். ஒருவருடைய சீட்டில் உள்ள விவரம் கீழே:

```
EMP G0318    OCT-2024    SHIFT N2
GROSS   18600.00   LOP DAYS 3.0
LOP DED  1800.00
PF 1411    ESI 126
NET PAY 15263.00
```

இதில் 1,800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றும், ஆகாது. இவருடைய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,020 ரூபாய். மூன்று நாள் கழிந்ததால் வருங்கால வைப்பு நிதிக்கான சம்பளம் 11,760 ஆகக் குறைந்து, 12 விழுக்காட்டின்படி 1,562 ரூபாய் பிடிக்க வேண்டிய இடத்தில் 1,411 மட்டுமே பிடிக்கப்பட்டுள்ளது. இ.எஸ்.ஐ. பங்கும் 140 ரூபாய்க்குப் பதிலாக 126 ஆகியிருக்கிறது. இவ்விரண்டு வித்தியாசத்தையும் கழித்தால் அவர் கைக்குச் சேர வேண்டியது 1,635 ரூபாய். ஆகையால் இந்த 14 பேருக்கும் விடுப்பு நாட்களை நீக்கி, சார்ந்த பிடித்தங்கள் அனைத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும். "நான் லீவே போடல, பெறகு எதுக்கு சார் மூணு நாளு பிடிச்சிருக்காவ?" என்று ஒருவர் தொழிற்சாலை வாசலில் வைத்துக் கேட்டாராம். பண்டிகைக்காகக் கண்விழித்து வேலை பார்த்தவர்களுக்கே பண்டிகைச் சம்பளம் குறைந்தது என்பதால் மனிதவளப் பிரிவினர் அவர்களைச் சமாதானப்படுத்துவதற்குப் பெரிதும் சிரமப்படுகிறார்கள்.

தொகையில் சிறியதானாலும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இரண்டாவது வகை, இ.எஸ்.ஐ. பிடித்தம். இதில் ஒன்பது பேருக்குப் பிடிக்க வேண்டியது பிடிக்கப்படவில்லை. நான்கு பேருக்குப் பிடிக்கக் கூடாதது பிடிக்கப்பட்டுள்ளது. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்பது என் ஊகம். 21,000 ரூபாய் வரம்பை ஒப்பிடுவதற்கு ஊழியரின் நிர்ணயிக்கப்பட்ட முழு மாதச் சம்பளத்தை எடுக்காமல், அந்த மாதத்தில் அவர் உண்மையில் ஈட்டிய மொத்தத் தொகையை மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்காட்டாக, G0277 என்ற எண்ணுடைய ஊழியரின் சம்பளம் 19,400. அக்டோபரில் ஓவர்டைம் 2,350. இரண்டும் சேர்ந்து 21,750 ஆனதால் அவர் வரம்பைக் கடந்தவராகக் கொள்ளப்பட்டுப் பிடித்தம் பூஜ்யமாகியுள்ளது. விதிப்படி வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் தொகையைச் சேர்க்கக் கூடாது. பங்குத்தொகையைக் கணக்கிடும்போது சேர்க்க வேண்டும். ஆகவே 21,750 ரூபாய்க்கு 0.75 விழுக்காடு, அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்தி, 164 ரூபாய் பிடித்திருக்க வேண்டும். நிறுவனத்தின் 3.25 விழுக்காட்டுப் பங்கும் இதே தொகைக்குக் கணக்காக வேண்டும்.

மறுபுறம், G0109 என்ற ஊழியருக்கு ஜூலை மாதச் சம்பள உயர்வில் சம்பளம் 22,320 ஆனது. பங்களிப்புக் காலத்தின் நடுவில் வரம்பைக் கடந்தவருக்கு அக்காலம் முடியும் வரை பிடித்தம் தொடர வேண்டும் என்பதால் செப்டம்பர் வரை பிடித்தது சரியே. அக்டோபர் 1 அன்று புதிய பங்களிப்புக் காலம் தொடங்கியதும் அவர் விலகியிருக்க வேண்டும். ஆனால் அவர் மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்ததில் (இது உண்மையான விடுப்பு) ஈட்டிய தொகை 20,160 ஆகி, வரம்புக்குள் வந்துவிட்டதாகக் கருதி 152 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்ற இரு காலங்களும் ஒவ்வொரு காலத் தொடக்கத்தில் ஊழியரின் நிலையும் மென்பொருளில் நிலையாகப் பதிந்திருக்க வேண்டும். மாதாமாதம் புதிதாகத் தீர்மானிக்கப்படக் கூடாது.

164 ரூபாய்க்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று தோன்றலாம். விடுபட்ட ஊழியர் பங்கை நவம்பர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. எந்தக் காலத்துக்கான பங்கோ அந்தக் காலத்துச் சம்பளத்தில்தான் பிடிக்கலாம். ஆகவே அந்த ஒன்பது பேரின் பங்கையும் நிறுவனமே ஏற்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமானது, இணையதளத்தில் ஏற்றுவதற்காக மென்பொருள் தயாரித்த கோப்பில் இவர்கள் திட்ட வரம்பைக் கடந்தவர்கள் என்று குறிக்கப்பட்டிருக்கிறார்கள். அப்படியே ஏற்றியிருந்தால் இந்தக் காலத்தில் அவர்களுடைய பங்களிப்பு நாட்கள் குறையும். நோய்க்கால உதவித்தொகை பெற ஒரு பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்கு செலுத்தியிருக்க வேண்டும். இக்காலத்துப் பங்களிப்பை வைத்துத்தான் அடுத்த ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரையிலான உரிமை முடிவாகும். வண்ணாரப்பேட்டை இ.எஸ்.ஐ. மருத்துவமனையை நம்பியிருக்கும் குடும்பங்கள் நம் தொழிற்சாலையில் நிறைய. அந்தக் கோப்பை நான் ஏற்றாமல் நிறுத்தி வைத்துள்ளேன்.

மூன்றாவது, தொழில் வரி. அக்டோபர் 1 அன்று கங்கைகொண்டானிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு மாறுதலான ஐந்து பேருக்குத் தலா 1,250 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. நம் வழக்கப்படி அரையாண்டுத் தொழில் வரி செப்டம்பரிலும் மார்ச்சிலும் பிடிக்கப்படுகிறது. இவர்களுக்குச் செப்டம்பரிலேயே பிடித்துக் கங்கைகொண்டான் ஊராட்சிக்குச் செலுத்தியாயிற்று. பணியிடக் குறியீடு மாறியதும், மாநகராட்சி எல்லைக்குள் இவர்கள் பெயரில் வரி எதுவும் பதிவாகவில்லை என்று கண்டு மென்பொருள் தானாக மறுபடி பிடித்திருக்கிறது போலும். வரி செலுத்தப்பட்டதா என்பதைப் பணியிடத்தை வைத்துப் பார்க்காமல் ஊழியர் எண்ணையும் அரையாண்டையும் வைத்துப் பார்க்குமாறு மாற்ற வேண்டும்.

நான்காவது வகையில் மூவர் மட்டுமே. தீபாவளி முன்பணம் 10,000 ரூபாயை நவம்பர் முதல் பத்துத் தவணைகளில் பிடிக்க வேண்டியிருக்க, இவர்களுக்கு அக்டோபரிலேயே முதல் 1,000 பிடிக்கப்பட்டுவிட்டது. இவர்களில் ஒருவர் `N2` பட்டியலிலும் இருக்கிறார். அவருக்கு இரண்டும் சேர்ந்து குறைந்துள்ளது. தொடக்க மாதத்தை நவம்பர் என்று மாற்றினால் போதும்.

மற்ற ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதி, வருமான வரிப் பிடித்தம் ஆகியவற்றில் குறை எதுவும் தென்படவில்லை.

செய்ய வேண்டிய முறை குறித்து ஒரு வேண்டுகோள். அக்டோபர் கணக்கைத் திறந்து முழுச் சம்பளத்தையும் மறுபடி ஓட்ட வேண்டாம்; சம்பளம் வங்கிக்குச் சென்றுவிட்டது, பழைய சீட்டுகளும் ஊழியர்கள் கையில் உள்ளன. வித்தியாசத்தை மட்டும் காட்டும் துணைச் சம்பளச் சீட்டு ஒன்றை 34 பேருக்கும் தனியாக உருவாக்கித் தாருங்கள். அதற்கு முன் திருத்திய மென்பொருளில் செப்டம்பர் மாதத் தரவைச் சோதனைப் பிரதியில் ஓட்டிப் பார்த்து, அம்மாதச் சீட்டுகளோடு ஒரு ரூபாயும் பிசகாமல் பொருந்துகிறதா என்று உறுதி செய்யுங்கள். அக்டோபர் 1 முதல் 28 வரை சம்பள மென்பொருளிலும் வருகைப்பதிவிலும் செய்யப்பட்ட மாற்றங்களின் பதிவையும், அக்காலத்தில் உருவாக்கப்பட்ட புதிய குறியீடுகள் அனைத்தின் விவரத்தையும் அனுப்பினால், வேறு எங்கும் இதே குறை ஒளிந்திருக்கிறதா என்று நாங்கள் இங்கிருந்து பார்த்துக்கொள்ள முடியும்.

துணைச் சீட்டுகள் 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலைக்குள் கிடைத்தால், சனிக்கிழமை சரிபார்த்து 11ஆம் தேதி பணத்தை வரவு வைத்துவிடலாம். வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் 15ஆம் தேதியே கடைசி நாள். கடைசி இரண்டு நாட்களில் இணையதளம் மந்தமாகிவிடும் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. எனவே அவற்றுக்கான திருத்திய கோப்புகள் 12ஆம் தேதி காலைக்குள் எனக்குத் தேவை. எல்லா வகையையும் ஒரே சமயத்தில் முடிக்க இயலாவிட்டால், `N2` ஷிப்ட் ஊழியர்களுக்கானதை முதலில் தாருங்கள்.

34 பேரின் ஊழியர் எண், பிடிக்கப்பட்ட தொகை, பிடித்திருக்க வேண்டிய தொகை, வித்தியாசம் ஆகியவை கொண்ட பட்டியலை இணைத்துள்ளேன். அது கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது. சொல்லைத் தொலைபேசியில் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும். பட்டியலைப் பிரிவுக்கு வெளியே யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

புதன்கிழமை முற்பகல் நான் கங்கைகொண்டான் தொழிற்சாலையில் இருப்பேன். இயந்திரப் பதிவை நேரில் ஒப்பிட உங்கள் பிரிவிலிருந்து ஒருவர் அன்று வந்தால் வேலை விரைவில் முடியும். மற்ற நேரங்களில் உள்தொடர்பு எண் 214இல் என்னை அழைக்கலாம். இந்த மின்னஞ்சல் கிடைத்ததற்கான பதிலையும், யார் இதைக் கவனிக்கிறார்கள் என்பதையும் இன்று மாலைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணக்கு மேலாளர்
கணக்குப் பிரிவு, வண்ணாரப்பேட்டை அலுவலகம், திருநெல்வேலி

இணைப்பு: பிடித்த வித்தியாசப் பட்டியல், அக்டோபர் 2024