முதல் பருவக் கற்றல் அடைவு: மும்பை தாராவித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல்

நாள்: 8 நவம்பர் 2025, சனிக்கிழமை
நேரம்: மதியம் 12.45 முதல் 3.15 வரை
இடம்: மாடியில் ஐந்தாம் வகுப்பு அறை (ஆசிரியர் அறையில் மின்விசிறி இன்னும் பழுதுதான்)
தலைமை: தலைமை ஆசிரியை
கூட்டக் குறிப்பு எழுதுபவர்: ஏழாம் வகுப்பு ஆசிரியர்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கூட்டமா என்று சிலர் சலித்துக்கொள்ளக்கூடும். விடைத்தாள்கள் கையில் இருக்கும்போதே பேசிவிட வேண்டும் என்பதால்தான் இந்த அவசரம். பொங்கல் வரை தள்ளிப்போட்டால் தாள்கள் பரணுக்குப் போய்விடும், நம்மிடம் மதிப்பெண் பட்டியல் மட்டுமே மிஞ்சும். இந்தக் கூட்டத்தில் பட்டியலை யாரும் வாசிக்க வேண்டாம். சராசரி எல்லாருக்கும் தெரியும், போன ஆண்டைவிடச் சற்று உயர்ந்திருக்கிறது. அந்த உயர்வை நான் முழுதாக நம்பவில்லை. ஏன் என்பது இரண்டாம் பொருளில் வரும்.

கையோடு கொண்டுவர வேண்டியவை: உங்கள் வகுப்பின் தமிழ், கணக்கு விடைத்தாள்களில் தலா ஆறு. நன்றாக எழுதியவர் இருவர், நடுத்தரம் இருவர், திணறியவர் இருவர். வருகைப் பதிவேடும் வேண்டும்.

12.45 – வருகை, சென்ற கூட்டத்தின் முடிவுகள்
பத்து நிமிடம் போதும். ஜூலையில் எடுத்த நான்கு முடிவுகளில் நடந்தது ஒன்றே: நூலக அலமாரியின் பூட்டு திறக்கப்பட்டது. நடக்காத மூன்றுக்கும் விளக்கம் கேட்கப் போவதில்லை. அவற்றை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று மட்டும் சொல்லுங்கள்.

12.55 – தமிழ் விடைத்தாள்கள் (முதன்மைப் பொருள், 50 நிமிடம்)
நான்காம் வகுப்பில் 31 பேர். தொகுத்தறி மதிப்பீட்டில் 27 பேருக்கு நல்ல நிலை. விடுமுறைக்கு முந்தைய வாரம் அதே பிள்ளைகளிடம், பாடநூலில் இல்லாத ஆறு வரிப் பத்தி ஒன்றைக் கொடுத்து ஐந்தாம் வகுப்பு ஆசிரியை வாசிக்கச் சொன்னார். 11 பேர் இரண்டாம் வரியைத் தாண்டவில்லை. தேறிய பிள்ளை எப்படி வாசிக்கத் திணறுகிறது?

விடை ஒரு தாளில் இருக்கிறது, அதைக் கரும்பலகையில் ஒட்டி வைக்கிறேன். இம்முறை வினாத்தாள் தயாரித்தவர், பாடத்தின் பின்னால் உள்ள மூன்றாம், நான்காம் கேள்விகளை இடம் மாற்றிக் கொடுத்திருந்தார். அந்தப் பிள்ளை மூன்றாம் கேள்வியின் விடையை மூன்றாவதாகவும் நான்காம் கேள்வியின் விடையை நான்காவதாகவும் எழுதியிருக்கிறது. காற்புள்ளி கூடப் பிசகவில்லை, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கேள்வியை மட்டும் படிக்கவே இல்லை. இதே மாதிரி ஒன்பது தாள்கள். திருத்தியவர் அவற்றில் நான்கிற்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் இடத்தில் நானும் கையெழுத்தைப் பார்த்துப் போட்டிருப்பேன்.

பேச வேண்டியது இதுதான்: கேள்வி-பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்து எழுதவைக்கும் வழக்கத்தை எந்த வகுப்பிலிருந்து நிறுத்துவது? நிறுத்தினால் பெற்றோர், "நோட்டில் ஒன்றுமே இல்லையே, டீச்சர்" என்று வருவார்கள். அவர்களுக்கு என்ன பதில்?

1.45 – கணக்கு (25 நிமிடம்)
ஐந்தாம் வகுப்பில் 612-ஐ 6-ஆல் வகுக்கும் கணக்கு. 34 பேரில் 19 பேர் எழுதிய விடை 12. பத்தின் இடத்தில் உள்ள 1-இல் 6 போகாது, அங்கே சுழியம் போட வேண்டும் என்பது விட்டுப்போயிருக்கிறது. அதைவிட என்னை உறுத்துவது வேறு. அறுநூற்றுச் சொச்சம் மிட்டாயை ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பன்னிரண்டுதானா என்ற சந்தேகம் ஒருவருக்கும் வரவில்லை. வகுத்தல் முறையை மறுபடி நடத்துவதா, இடமதிப்புக்கே திரும்பிப் போவதா என்று கணக்கு ஆசிரியர்கள் இருவரும் முன்கூட்டியே பேசி ஒரு கருத்தோடு வாருங்கள். ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் ஆண்டுத் தேர்வில் தவறினால் மறுதேர்வு, அதிலும் தவறினால் அதே வகுப்பு என்பது இப்போது மகாராஷ்டிர மாநில விதி. ஏப்ரலில் போய்க் கண்ணைக் கசக்கிப் பயனில்லை.

2.10 – தேநீர்
வடாபாவும் உண்டு. பத்து நிமிடம் என்றால் பத்தே நிமிடம்.

2.20 – மராத்தி (15 நிமிடம்)
மராத்தி ஆசிரியை பேசுவார். சொல்வதை எழுதும் பயிற்சியில் பிழைகள் கண்டபடி விழவில்லை, ஓர் ஒழுங்கில் விழுகின்றன என்று அவர் கவனித்திருக்கிறார். க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் மராத்தியில் நான்கு எழுத்து, நமக்கு ஒன்றே. பாலைக் குறிக்கும் 'தூத்' என்ற சொல்லில் இருப்பவை இரு வேறு எழுத்துகள், நம் பிள்ளைகளோ இரண்டுக்கும் அந்த நான்கில் முதலாவதான 'த'வையே போடுகிறார்கள். தெருவில் சரளமாக மராத்தி பேசுகிற பிள்ளைகள்தான் இவர்கள். ஆகவே இது காதுப் பயிற்சியின் குறை, சோம்பல் அல்ல.

2.35 – வருகை (10 நிமிடம்)
ஆகஸ்டு மழையில் பள்ளி அடைத்த நாள்கள் நம் கையில் இல்லை. ஆடிக் கொடைக்குத் திருநெல்வேலிப் பக்கம் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. தாராவித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊர் அங்கேதான், போகாதே என்று சொல்லி நடக்கப் போவதில்லை. போகும்போது கையில் ஒரு கதைப்புத்தகம் கொடுத்தனுப்பலாமா? வீடு மாறிப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் பட்டியலை வகுப்பாசிரியர்கள் எழுத்தில் தர வேண்டும். இதில் விவாதம் வேண்டாம்.

2.45 – இரண்டாம் பருவத்துக்கான முடிவு (25 நிமிடம்)
என் முன்மொழிவு: நவம்பர் 17 திங்கள் முதல், 3, 4, 5 வகுப்புகளுக்கு நாள்தோறும் முதல் 40 நிமிடம் வாசிப்பு. வகுப்புப் பிரிவு கிடையாது. எழுத்து, சொல், பத்தி, கதை என நான்கு படிகள், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தக் குழுவில் உட்காரும். இந்த நான்கு படிகள் புதியவை அல்ல, ப்ரதம் அமைப்பு அசர் ஆய்வில் 2005 முதல் பயன்படுத்துபவை. ஐந்தாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்போடு உட்காரக் கூசுவான். அதை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்து வாருங்கள்.

மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்று 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் இலக்கு வைத்திருக்கிறது. அந்த எண்ணை அப்படியே தமிழுக்குப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தோடு நிற்க வேண்டாம். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு ஒரே சொல். பிள்ளை வாசித்ததைத் தன் வாயால் திருப்பிச் சொல்கிறதா என்று பாருங்கள்.

எதிர்ப்பு உள்ளவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள், சயான் ரயில் நிலையம் போகும் வழியில் வேண்டாம். கருத்து ஒன்றாகாவிட்டால் கைதூக்கி முடிவு செய்வோம். ஒவ்வொரு குழுவுக்கும் பொறுப்பாசிரியர் யார் என்பது குறிப்பேட்டில் ஏறிய பிறகே எழுவோம்.

3.10 – பிற செய்திகள்
குழந்தைகள் தின ஏற்பாடு. நடன ஒத்திகைக்குப் பாட நேரத்தைக் கேட்காதீர்கள்.

வர இயலாதவர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தங்கள் ஆறு தாள்களையும் என் மேசையில் வைத்துவிடவும்.

தலைமை ஆசிரியை