சிரேஷ்ட முகாமையாளர் பதவி உயர்வுக்கான சுய மதிப்பீடு

பிரிவு: இறக்குமதி ஆவணப் பிரிவு, கொழும்பு அலுவலகம்
காலம்: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

நான் எத்தனை சுங்கப் பிரகடனங்களில் கையெழுத்திட்டேன் என்ற கணக்கைப் போன வருடம் எழுதியிருந்தேன். இந்த முறை அதை எழுதவில்லை. காரணம், இந்த வருடம் நான் கையெழுத்திட்டவை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன. அப்படிக் குறைய வேண்டும் என்றுதான் வேலை செய்தேன்.

அதற்குத் தூண்டியது 2024 ஏப்ரலில் நடந்த ஒரு தவறு. அது என்னுடையது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்திய வாரம், துறைமுகத்தில் நெரிசல் உச்சத்தில் இருந்தபோது, கஸ்டெக் எனப்படும் இந்தப் பிரகடனங்கள் எல்லாவற்றின் இறுதிச் சரிபார்ப்பும் என் மேசையில்தான் நின்றது. ஆறு கன்டெய்னர்கள் இலவச நாட்களைத் தாண்டின. அதற்காக டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்டிய வாடிக்கையாளரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அணியில் எட்டுப் பேர் இருந்தும், ஒரு ஆளின் கையெழுத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். யார் சோம்பல் பட்டும் வந்த தாமதம் இல்லை அது.

மே மாதத்தில் சரிபார்ப்பைப் பிரித்தோம். துணி, உணவுப்பொருள், இயந்திர உதிரிப்பாகம், இரசாயனம் என்று ஒவ்வொரு வகைக்கும் இருவர் பொறுப்பு. தயாரித்தவர் தானே சரிபார்க்கக் கூடாது. சிக்கலானது மட்டும் என்னிடம் வரும். கூடவே ஒரு பிழைக் கொப்பி வைத்தோம். திருத்தத்துக்குத் திரும்பி வந்த ஒவ்வொன்றும் எப்படி நழுவியது என்று அதில் எழுதுவோம். யாருடைய பெயரும் இருக்காது. சிங்களத்திலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். வார்ஃப் கிளார்க் எழுதுவதைத்தான் நான் முதலில் வாசிப்பேன், துறைமுகத்தில் நடப்பது அவருக்குத்தான் தெரியும். கொப்பி யோசனை அணியிலுள்ள இளையவர் ஒருவருடையது. நான் செய்தது, திங்கள் காலை இருபது நிமிடம் அதற்கென்று ஒதுக்கி, எந்த அவசரம் வந்தாலும் அந்த நேரத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்தது.

2024 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 412 பிரகடனங்களில் 37 திருத்தத்துக்குத் திரும்பின. 2025 ஜனவரி–மார்ச்சில் 455இல் 11 மட்டுமே. எங்கள் தாமதத்தால் இலவச நாட்களைத் தாண்டிய கன்டெய்னர்கள் இதே இரு காலாண்டுகளில் 14இலிருந்து 3 ஆகின. சுங்கப் பரிசோதனையால் வந்த தாமதங்களை இதில் சேர்க்கவில்லை. அவை எங்கள் கையில் இல்லை, அவற்றைக் குறைத்தோம் என்று சொல்வதும் சரியல்ல.

ஒரு சம்பவத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நவம்பரில் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கு வந்த சரக்கின் இன்வொய்ஸில் ‘பொலியெஸ்டர் துணி’ என்று மட்டும் இருந்தது. நெய்த துணி என்று நினைத்து சுங்க வகைப்பாட்டின் 54ஆம் அத்தியாயத்தில் குறியீடு போட்டிருந்தார்கள். சரிபார்க்க வந்த பிள்ளை வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். மாதிரித் துண்டை இரு கையாலும் இழுத்துப் பார்த்தார், அது நீண்டு கொடுத்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது நூல் குறுக்கும் நெடுக்குமாக இல்லை, வளையம் வளையமாகக் கோத்திருந்தது. பின்னல் துணி, அப்படியானால் 60ஆம் அத்தியாயம். வாடிக்கையாளரை அழைத்து உறுதி செய்து, குறியீட்டை மாற்றி, அன்று மாலையே சுங்கத்தின் கணினி முறையான அசிகூடாவில் பதிவு செய்தார்கள். எனக்கு மறுநாள்தான் தெரியும். முந்திய வருடமாக இருந்தால் அந்த ஆவணம் இரவு ஏழு மணிக்கு என்னிடம் வந்திருக்கும். நான் இன்வொய்ஸை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டிருப்பேன்.

பெப்ரவரியில் அம்மாவின் சத்திரசிகிச்சைக்காக இரண்டு வாரம் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். அணியிலிருந்து இரண்டு அழைப்புகள்தான் வந்தன. அதில் ஒன்று அம்மாவின் சுகம் விசாரிக்க. அந்த இரண்டு வாரத்தில் எந்தச் சரக்கும் எங்களால் தாமதமாகவில்லை.

இந்த வருடம் ஒருவர் ஏற்றுமதிப் பிரிவுக்கு மேற்பார்வையாளராகப் போனார். அவரை இழப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் பரிந்துரைக் கடிதத்தை நானே எழுதினேன். வேறு யாரும் விலகவில்லை.

குறையும் உண்டு. பொறுப்பு இருவருக்கு இருந்தாலும், இரசாயன வகையின் அனுமதிப்பத்திரங்களுக்கு இன்னும் ஒருவரையே நம்பியிருக்கிறோம். அவர் விடுமுறையில் போனால் அந்த வேலைகள் தேங்குகின்றன. இரண்டாமவரைப் பழக்கும் வேலையை நான் ஆறு மாதம் முன்னரே தொடங்கியிருக்க வேண்டும். இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன்.

சிரேஷ்ட முகாமையாளர் பதவி கிடைத்தால், ஏற்றுமதிப் பிரிவிலும் இதே இருவர் சரிபார்ப்பையும் பிழைக் கொப்பியையும் அவர்களோடு பேசி, அவர்களுக்குப் பொருந்தும் விதத்தில் கொண்டுவர விரும்புகிறேன். இறக்குமதிப் பிரிவை நடத்த என் அணியிலேயே இருவர் தயாராக இருக்கிறார்கள். மதிப்பீட்டுக் குழு அவர்களையும் நேரில் அழைத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேசும்போது நான் அறையில் இருக்க வேண்டியதில்லை.