மதிப்பாய்வாளர் 2-இன் அறிக்கை

கட்டுரை: ‘கூண்டின் கதவு: புதிய சமய இயக்கங்களில் சேர்தலும் விலகுதலும்’
அளவு: 41 பக்கம், 118 அடிக்குறிப்பு, 3 அட்டவணை, 2 பின்னிணைப்பு
பரிந்துரை: பெருந்திருத்தம் செய்து மீண்டும் அனுப்பலாம்

கட்டுரையாசிரியருக்கு

‘அ’, ‘ஆ’ என்று மட்டும் குறிக்கப்படும் இரண்டு இயக்கங்களிலிருந்து விலகிய 23 பேரின் நேர்காணல்களை வைத்து, மக்கள் ஏன் சேர்கிறார்கள், ஏன் தங்குகிறார்கள், எப்படி வெளியே வருகிறார்கள் என்று விளக்க முயல்கிறது இந்தக் கட்டுரை. 4ஆம் பகுதி உறுதியானது. விலகிய பின் வரும் பணமுடை, வேலை வரலாற்றில் விழும் இடைவெளி, உள்ளே இருக்கும் உறவினரோடு பேச்சு அறுந்துபோவது எல்லாம் அங்கே ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரிய எழுதப்பட்டிருக்கின்றன. அதில் கைவைக்க வேண்டாம். சிக்கல் 3ஆம் பகுதியில்தான். விலகியவர்களிடம் கேட்டதைக் கொண்டு, சேர்வதற்கான காரணத்தையும் சேர்த்தே நிறுவிவிட்டதாக அது சொல்கிறது.

சான்று

23 பேரும் விலகியவர்கள். அவர்களில் 19 பேர் ஒரே ஆதரவுக் குழுவின் வழியாகக் கிடைத்தவர்கள் (பக். 9, அடிக்குறிப்பு 21). ஒரே அறையில் பலமுறை கூடி, ஒருவர் கதையை இன்னொருவர் கேட்டுப் பழகியவர்களின் சொற்கள் ஒன்றுபோல அமைவதில் வியப்பில்லை. அந்த ஒற்றுமையைக் கட்டுரை தனித்தனிச் சாட்சியங்களாக எண்ணுகிறது. வலுக்கட்டாயமாக வெளியே இழுத்துவரப்பட்டவர்களும் விலகல் ஆலோசனை பெற்றவர்களும் தம் அனுபவத்தை ‘மூளைச்சலவை’ என்று சொல்வது அதிகம். தாமாக மெல்ல நழுவியவர்கள் அப்படிச் சொல்வது குறைவு. 1980களிலிருந்தே ஆய்வுகள் இதைக் காட்டிவருகின்றன.

பின்னிணைப்பு 2-இல் உள்ள நேர்காணல் பெயர்ப்பிரதிகளை இந்த நோக்கில் பிரித்துப் பார்த்தேன். ஆதரவுக் குழு வழியாக வராத நால்வர் 6, 11, 17, 22 எண்ணினர். நால்வரில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நான்கு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது, உண்மை. ஆனால் சொந்தத் தரவிலேயே கிடக்கும் இந்தப் பிளவைக் கட்டுரை கவனிக்காமல் போவது சரியல்ல. அட்டவணை 1-இல் மூன்று பத்திகள் கூடுதலாக வேண்டும்: விலகிய விதம் (தானாக, வெளியேற்றப்பட்டு, குடும்பத்தார் தலையிட்டு), விலகி எத்தனை ஆண்டு, ஆதரவுக் குழுவோடு தொடர்பு உண்டா. முடிந்தால் இன்னும் உறுப்பினராக இருப்பவர்கள் சிலரையும், அறிமுகக் கூட்டத்துக்குப் போய்ச் சேராமல் திரும்பியவர்கள் சிலரையும் சேர்க்க வேண்டும். முடியாது என்றால் தலைப்பிலிருந்து ‘சேர்தலும்’ என்பதை எடுத்துவிட்டு, விலகல் பற்றிய கட்டுரையாகவே வெளியிடலாம். அதுவே நல்ல கட்டுரையாக இருக்கும்.

கேள்வித்தாளிலும் குறை இருக்கிறது. பின்னிணைப்பு 1-இன் 7ஆம் கேள்வி: “அவர்கள் உங்களை எப்படி ஏமாற்றினார்கள்?” ஏமாற்றப்பட்டதாக அதுவரை ஒருவரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை, பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு வந்த பதில்களை விகிதக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இதைவிடத் தீவிரமானது ஒன்று. பக். 17-இல் “14ஆம் நேர்காணலாளர் தாம் மூளைச்சலவை செய்யப்பட்டதாகக் கூறினார்” என்று வருகிறது. பெயர்ப்பிரதியில் அவர் சொன்னது: “அவங்க சொன்னதெல்லாம் அப்படியே நம்பிட்டேன், கேள்வி கேக்கணும்னே தோணல.” இது வேறு கூற்று. கேள்வி கேட்கத் தோன்றாததை விளக்கப் பல வழிகள் உண்டு: நட்பு, களைப்பு, மரியாதை, தலைவர் மேல் உள்ள ஈர்ப்பு. ஆய்வாளரின் விளக்கத்தை நேர்காணலாளரின் வாயில் வைப்பதற்கு இது எடுத்துக்காட்டாகிவிடும். 11 இடங்களில் இப்படி மாற்றியிருப்பதை ஓரக்குறிப்பாக இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பேசியவரின் சொல் மேற்கோளில் முதலில் வரட்டும். விளக்கம் அடுத்த வாக்கியத்தில் வரட்டும்.

கோட்பாட்டுச் சான்றுகள்

‘மூளைச்சலவை’ பற்றிய பகுதி (பக். 12–15) மூலங்களைத் தலைகீழாகப் படிக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் இக்கோட்பாட்டை ‘உறுதிசெய்தது’ என்ற கூற்று தவறு. சங்கம் அமைத்த பணிக்குழுவின் அறிக்கையை, அறிவியல் கண்டிப்பு போதாது என்று சங்கத்தின் வாரியம் 1987 மே மாதம் ஏற்க மறுத்தது. மறுதரப்பினர் இதைக் ‘கோட்பாடே பொய் என்று சங்கம் தீர்ப்பளித்தது’ என்று சொல்வதும் தவறு. இந்தப் பொருளில் நிலைப்பாடு எடுக்கப் போதுமான தகவல் தம்மிடம் இல்லை என்றே வாரியம் எழுதியது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லிஃப்டனின் 1961 நூலின் எட்டு அளவுகோல்களை ஆசிரியர் இயக்கம் ‘ஆ’-வுக்கு அப்படியே பொருத்தியிருக்கிறார். அந்த நூலுக்கு அடிப்படை, சீனாவின் சிந்தனைச் சீர்திருத்தத்துக்கு ஆளான 25 மேற்கத்தியரும் 15 சீனரும். அந்த மேற்கத்தியரில் பெரும்பாலோர் சிறையில் இருந்தவர்கள். வார இறுதிக் கூட்டத்துக்குத் தானாக வந்து போகிறவரோடு ஒப்பிட வேண்டுமானால், எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று இரண்டையும் எழுத வேண்டும்.

அடிக்குறிப்பு 44 மோசம். ஐலீன் பார்க்கர் 1984-இல் வெளியிட்ட ஒருங்கிணைப்புத் திருச்சபை ஆய்வைக் காட்டி, பயிலரங்குக்கு வந்தவர்களில் ‘பத்தில் ஒன்பது பேர் சேர்ந்தனர்’ என்கிறது. பார்க்கர் கண்டது அதன் எதிர்மறை: பத்தில் ஒன்பது பேர் சேரவில்லை, சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுக்குள் விலகினர். இந்த ஒரு திருத்தத்திலேயே 3.2 பிரிவின் வாதம் விழுந்துவிடும். மூலநூலைத் திறந்து பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது. யாரோ ஒருவர் மேற்கோள் காட்டியதை எடுத்தாண்டது போலத் தெரிகிறது.

பொய்த்துப்போன தீர்க்கதரிசனம் நம்பிக்கையை வலுப்படுத்தும் என்பதை ஒரு விதி போல எழுதியிருக்கிறார் (பக். 22). 1956-இல் வெளியான ஃபெஸ்டிங்கர் குழுவின் ஆய்வு ஒரே ஒரு சிறு குழுவைப் பற்றியது. உறுப்பினர் வேடத்தில் நுழைந்த பார்வையாளர்கள் இட்டுக்கட்டிச் சொன்ன கதைகளைக் குழுவினர் வேற்றுலகச் செய்தியாக எடுத்துக்கொண்டதை நூலே ஒப்புக்கொள்கிறது. அந்த எச்சரிக்கை இங்கேயும் வர வேண்டும்.

தகவல் பிழைகள்

ஜோன்ஸ்டவுன் (பக். 3): “900-க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டனர்.” 18 நவம்பர் 1978 அன்று கயானாவில் இறந்தவர் 918; குடியிருப்பில் மட்டும் 909. அவர்களில் ஏறத்தாழ 300 பேர் சிறுவர்கள். குழந்தை தற்கொலை செய்துகொள்ளாது. விமான ஓடுபாதையில் சுட்டுக் கொல்லப்பட்ட காங்கிரஸ் உறுப்பினர் லியோ ரையனும் உடனிருந்தோரும் 918-இல் அடங்குவர். ‘கொலையும் தற்கொலையும்’ என்று எழுதுவது பொருந்தும். அன்று பதிவான ஒலிநாடாவில் ஒரு பெண் எதிர்த்து வாதாடுவதும் கேட்கிறது. ‘ஒருமனதாக’ என்ற சொல்லை நீக்க வேண்டும். சயனைடு கலந்த பானம் கூல்-எய்டு அல்ல, ஃபிளேவர் எய்டு.

சூரியக் கோயில் இயக்கம் (பக். 4): அக்டோபர் 1994-இல் இறந்த 53 பேரும் சுவிட்சர்லாந்தில் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அங்கே 48, கியூபெக்கில் 5. சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் அதில் உண்டு.

டோக்கியோ சுரங்க ரயில் தாக்குதல், 20 மார்ச் 1995: இறந்தவர் எண்ணிக்கை முதலில் 12, பின்னர் 13, 2020-இல் இன்னொருவர் இறந்த பின் 14. எந்த ஆண்டுக் கணக்கு என்று எழுதினால் போதும்.

பிரெஞ்சு நாடாளுமன்றக் குழு 1995-இல் தந்த பட்டியலை (170-க்கும் மேற்பட்ட குழுக்கள்) ஆபத்துக்குச் சான்றாகக் காட்டுவது செல்லாது. அந்தப் பட்டியலை நம்பி இயங்க வேண்டாம் என்று 2005-இல் பிரதமரின் சுற்றறிக்கையே சொல்லிவிட்டது.

மறுபக்கத்து மூலங்கள்

3ஆம் பகுதி இயக்கங்கள் மேல் கடுமையாக இருக்கிறது. 2ஆம் பகுதியோ அவை சொல்வதை அப்படியே நம்புகிறது. ‘ஆ’-வுக்கு ‘இலட்சக்கணக்கான’ உறுப்பினர் என்பதன் ஒரே மூலம் அவ்வியக்கத்தின் கையேடு. உறுப்பினர் என்றால் யார்? ஒருமுறை வகுப்புக்கு வந்து பெயர் கொடுத்தவரா, மாதச் சந்தா கட்டுபவரா, ஆசிரமத்தில் தங்கியிருப்பவரா? சயன்டாலஜி உலக அளவில் பல மில்லியன் என்று சொல்லிக்கொண்ட காலத்தில், அமெரிக்கச் சமய அடையாளக் கணக்கெடுப்பு 2008-இல் அந்நாட்டில் மதிப்பிட்டது 25,000 பேர். அரசுக் கணக்கெடுப்பும் தானாகப் பேசாது: இங்கிலாந்து, வேல்ஸில் 2001-இல் 3,90,127 பேர் தம் சமயம் ‘ஜெடாய்’ என்று எழுதினார்கள், பலர் விளையாட்டாக. 2011-இல் அது 1,76,632.

இயக்கங்களிடம் இடம் கேட்டு, பணம் வாங்கிக்கொண்டு ஆய்வு செய்வதன் விளைவுக்கு 1995 ஒரு பாடம்: சில அமெரிக்க அறிஞர்கள் டோக்கியோ தாக்குதலை நடத்திய ஓம் ஷின்ரிக்யோவின் செலவில் ஜப்பான் போய் அதற்காகப் பேசினார்கள்; துறை முழுவதும் அவப்பெயர் சுமந்தது. ‘ஆ’-வின் விருந்தினர் இல்லத்தில் எட்டு நாள் தங்கியதாக நன்றியுரையில் ஒரு வரி வருகிறது. செலவை யார் ஏற்றார்கள் என்பது முறையியல் பகுதியில் இடம்பெற வேண்டும்.

தொனி

பாதிப்பு மெய்யானது. அதைச் சொல்ல ஏச்சு தேவையில்லை. ‘வலையில் சிக்கினர்’, ‘அப்பாவிகள்’, ‘கும்பல்’ ஆகிய மூன்றும் சேர்ந்து 34 இடங்களில் வருகின்றன. ‘கும்பல்’ என்பதற்குப் பதிலாக ‘குழு’, ‘இயக்கம்’ என்று எழுதலாம். ‘கல்ட்’ என்ற சொல்லை ஊடகமோ நீதிமன்றமோ பயன்படுத்தியிருந்தால் மேற்கோளில் வைக்கலாம். ஆசிரியரின் குரலில் வேண்டாம்.

வினைமுற்றையும் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் ‘கூறினார்’, ‘வாதிட்டார்’, விலகியவர்கள் ‘நினைவுகூர்ந்தார்’, ‘அ’-வின் நிறுவனர் மட்டும் ‘போதித்தான்’, ‘மிரட்டினான்’. இந்த ஒரு எழுத்திலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மாறாக, ‘ஆ’-வின் நிறுவனருக்கு ‘குருதேவர்’ என்ற பட்டம் மேற்கோள் குறியின்றி நிற்கிறது. இருவருக்கும் ‘நிறுவனர்’, இருவருக்கும் ‘-ஆர்’ விகுதி. நீதிமன்றம் குற்றம் மெய்ப்பித்த இடத்தில் வழக்கின் பெயரையும் தீர்ப்பு நாளையும் எழுதினால் அடைமொழி தேவைப்படாது.

பெயர் மறைப்பு

9ஆம் நேர்காணலாளரை ‘அ’-வின் ‘ஒரே பல் மருத்துவர்’ என்று அறிமுகப்படுத்தி, அவர் விலகிய ஆண்டையும் தந்திருக்கிறார் (பக். 19). இயக்கத்தில் யார் படித்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருடைய மகள் இன்னும் உள்ளே இருப்பதாக அடுத்த பத்தியே சொல்கிறது. ‘மருத்துவத் துறையைச் சார்ந்தவர்’ என்று மாற்றி, ஆண்டைப் பத்தாண்டாக விரிக்க வேண்டும். 3, 15, 20 எண்ணினருக்கும் இதே சோதனையைச் செய்ய வேண்டும்: உறுப்பினர் ஒருவர் கையில் இந்தப் பக்கத்தைக் கொடுத்தால் பெயரைச் சொல்லிவிடுவாரா? 14ஆம் பெயர்ப்பிரதியில் ஒரு தெருப்பெயர் கறுப்படிக்காமல் இருக்கிறது.

சில்லறை

முறையியலில் 23 பேர். அட்டவணை 2-இன் கூட்டல் 21. விடுபட்ட இருவர் யார்? அடிக்குறிப்பு 61 முதல் 67 வரையுள்ள இணைப்புகளில் ஐந்து திறக்கவில்லை. சேமித்த படியின் முகவரியும் பார்த்த நாளும் வேண்டும். ‘கவர்ச்சித் தலைமை’ என்பது வெபரின் கருத்தாக்கம் என்று பக். 25-இல்தான் வருகிறது, சொல் பக். 6-லேயே தொடங்கிவிடுகிறது.

பதிப்பாசிரியருக்கு மட்டும்

பெயர்ப்பிரதிகளை இப்போதுள்ள வடிவில் வேறு மதிப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டாம். மேலே சொன்ன அடையாளங்கள் நீங்கிய பிரதி வரட்டும். திருத்திய கட்டுரையை நானே மறுபடி பார்க்கத் தயார். அப்போது முதலில் பார்ப்பது அடிக்குறிப்பு 44-ஐயும், 14ஆம் நேர்காணலின் மேற்கோளையும்தான்.